முன்பதிவு அறிவிப்பில் போட வேண்டிய தேதி

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்துவிட்டால் போதும், புத்தக முன்பதிவு அறிவிப்புகள் வரிசையாக வரத் தொடங்கும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்குள் நூலைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு. சொந்தச் செலவில் நூல் போடும் எழுத்தாளர்கள் அட்டைப்படத்தை வெளியிட்டு, விலையில் சலுகை அறிவித்து, பணம் அனுப்ப வேண்டிய எண்ணையும் தருகிறார்கள். ஒன்றை மட்டும் பலர் சொல்வதில்லை. புத்தகம் எந்தத் தேதியில் வாசகர் கைக்கு வரும்? அந்த இடத்தில் ‘விரைவில்’ என்ற சொல்தான் இருக்கும்.

அச்சுக்கு முன்பே வாசகரிடம் பணம் திரட்டும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அச்சுச் செலவைச் சமாளிக்கக் கையொப்பம் திரட்டினார். நூல் வந்ததும் வாங்கிக்கொள்வதாக அன்பர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பெயர் எழுதித் தந்தார்கள். பின்னாளில் பதிப்பகங்கள் இதையே முன்வெளியீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடத்தின. பெரிய பதிப்பகம் தேதி தவறினால் வாசகர் அடுத்த நூலில் மன்னித்துவிடுவார். தானே நூல் போடும் எழுத்தாளருக்கு அந்த வசதி கிடையாது. முன்பதிவு செய்பவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். அவர்களிடம் சொன்ன தேதி தவறினால் அடுத்த புத்தகத்துக்கு யாரிடமும் கேட்க முடியாது.

ஆகவே முன்பதிவு அறிவிப்பை எழுத உட்காருமுன் தேதியைக் கணக்கிட வேண்டும். சலுகைகளை அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் தாமதம் வருகிறது.

எப்போது அறிவிக்கலாம்?

எழுதி முடித்து, மெய்ப்புப் பார்த்து, பக்க வடிவமைப்பும் முடிந்த பிறகுதான் அறிவிக்க வேண்டும். அதற்கு முன் எவராலும் தேதி சொல்ல முடியாது. இன்னும் இரண்டு அத்தியாயங்கள்தான் பாக்கி என்ற நிலையில் முன்பதிவு தொடங்குவது, அந்த இரண்டு அத்தியாயங்களும் எப்போது முடியும் என்று தெரியாமலே வாக்குக் கொடுப்பதாகும்.

அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2022 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நான்கு நாவல்களுக்கு முன்பதிவு கேட்டார். 4 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்தது. தொகையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நமக்குப் பாடம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த நான்கு நாவல்களையும் அவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். அதனால்தான் 2023இல் மூன்று மாதத்துக்கு ஒன்று வீதம் அனுப்புவதாக அறிவிப்பிலேயே சொல்ல முடிந்தது. அதே தளத்தில் பணம் திரட்டிய வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களை ஈதன் மாலிக் என்ற பேராசிரியர் ஆராய்ந்து 2014இல் கட்டுரை வெளியிட்டார். அவற்றில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டவை சொன்ன தேதிக்குப் பிறகே பொருளைக் கொடுத்திருந்தன. அந்தத் தேதிகள் எல்லாம் நல்லபடி நடந்தால் மட்டுமே எட்டக்கூடியவை.

ஒரு புத்தகத்தின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊர் ஏரியைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெமி அளவு, 240 பக்கம், 70 ஜி.எஸ்.எம். தாள், விலை 300 ரூபாய். ஆஃப்செட்டில் 500 பிரதி அச்சிடுகிறார். ஜூன் மாதம் முழுக்க முன்பதிவு.

ஜூன் 30இல் முன்பதிவு முடிகிறது. முன்பதிவு செய்தவர்களின் பெயர்களை நூலின் கடைசிப் பக்கங்களில் அச்சிடுவதாகச் சொல்லியிருக்கிறார். டெமி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 240 பக்கம் என்றால் சரியாக 15 ஃபாரம். எனவே நூலை 236ஆம் பக்கத்தில் முடித்து, நான்கு பக்கங்களைப் பெயர்களுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவிட்டார். இரண்டு பத்தியாகப் போட்டால் பக்கத்துக்கு 70 பெயர் வரை கொள்ளும். இந்த ஒதுக்கீடு இல்லாமல் கடைசி நேரத்தில் பெயர்ப் பட்டியலைச் சேர்க்கப் போனால் 16ஆவது ஃபாரம் ஒன்று முளைக்கும். செலவும் கூடும், அட்டையின் முதுகு அகலமும் மாறும், அட்டையைத் திரும்ப வடிவமைக்க வேண்டியிருக்கும்.

ஜூலை முதல் வாரம் பெயர்களைச் சரிபார்க்கப் போய்விடும். பணம் அனுப்பும் செயலியில் இருக்கும் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும், சில சமயம் மகன் பெயரில் இருக்கும். அதை அப்படியே தமிழில் எழுதினால் தவறு வரும். ஜூலை 8 அன்று அச்சகத்துக்குக் கோப்பு போகிறது. 12ஆம் தேதி அட்டையுடன் மாதிரிப் பிரதி வருகிறது. 14ஆம் தேதி ஒப்புதல். பிளேட் எடுத்து, அச்சடித்து, மடித்து, ஃபாரம் அடுக்கி, பைண்டிங் முடிந்து, ஜூலை 28 அன்று புத்தகம் வீட்டுக்கு வருகிறது.

இந்த இரண்டு வாரத்தை அச்சகத்திடம் கேட்டு அறியும் விதம் முக்கியம். “எப்ப தருவீங்க?” என்று கேட்டால், “பத்து நாள்ல தந்திடலாம் சார்” என்ற பதில் வரும். அதில் பொய் இல்லை. வேறு வேலை குறுக்கிடாவிட்டால் பத்து நாளில் தர முடியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: “இதே மாதிரி 500 பிரதி, இதே பைண்டிங், போன தடவை யாருக்குப் பண்ணீங்க? கோப்பு என்னைக்கு வந்துச்சு, டெலிவரி என்னைக்குக் குடுத்தீங்க?” பில் புத்தகத்தைப் புரட்டினால் பதில் கிடைத்துவிடும். அந்த நாள் கணக்கைத்தான் நம்ப வேண்டும். ஆயுதபூஜை, தீபாவளி நாட்களில் எந்திரம் ஓடாது. நாட்காட்டி, டைரி வேலை குவியும் மாதங்களில் சிவகாசியில் சின்ன வேலைகள் பின்னுக்குப் போகும். டிசம்பரில் சென்னை அச்சகங்கள் புத்தகக் காட்சிக்காக இரவு பகலாக ஓடும். அப்போது 500 பிரதிக்காரரின் முறை தள்ளிக்கொண்டே போகும். நம் ஆசிரியர் ஜூன், ஜூலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம்.

புத்தகம் வந்துவிட்டது என்றால் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இங்கிருந்துதான் எழுத்தாளரின் சொந்த உழைப்பு தொடங்குகிறது. முதலில் பிரதிகளைச் சோதிக்க வேண்டும். ஒரு ஃபாரம் விடுபட்டோ, இருமுறை அடுக்கப்பட்டோ பைண்ட் ஆகியிருக்கலாம். எல்லாப் பிரதிகளையும் பக்கம் பக்கமாகப் புரட்ட முடியாது. சமையலறைத் தராசு போதும். இந்த அளவு நூலில் ஒரு ஃபாரத்தின் எடை சுமார் 17 கிராம். மற்றப் பிரதிகளைவிட 17 கிராம் குறைவாகவோ கூடுதலாகவோ காட்டும் பிரதியை மட்டும் தனியே எடுத்துப் புரட்டிப் பார்த்தால் தவறு தெரிந்துவிடும். பிறகு நடுப்பக்கத்தை நன்றாக விரித்து, பசை விட்டுப்போகிறதா என்று சில பிரதிகளில் பார்க்க வேண்டும். குறையுள்ள பிரதிகளை மாற்றிக் கொடுக்கும் இருப்பு கையில் வேண்டும் என்பதால், அச்சிடுவது முழுவதையும் முன்பதிவுக்கே ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்தது கையொப்பம், முகவரி ஒட்டுதல், கட்டுதல், அஞ்சலகம். வீட்டில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கட்டலாம். சின்ன ஊர் அஞ்சலகக் கவுண்டரில் ஒரே நாளில் 250 பொட்டலத்தை நீட்டினால் வாங்கமாட்டார்கள். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு, நாளுக்குக் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் 6 அன்று கடைசிப் பொட்டலம் போய்விடும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் வரும் தேதி இது. அறிவிப்பில் இதைப் போடக் கூடாது.

இரண்டு தேதிகள்

ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 6 வரை 37 நாள். இதில் பாதியை, அதாவது 18 நாளை, மேலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாதிரிப் பிரதியில் அட்டை நிறம் கறுத்துப்போவது, லேமினேஷன் குமிழ் விடுவது, எழுத்தாளரே இரண்டு நாள் காய்ச்சலில் படுப்பது எல்லாம் இந்த 18 நாளுக்குள் அடங்கும். சேர்த்தால் ஆகஸ்ட் 24 வருகிறது. “ஆகஸ்ட் 25க்குள் அஞ்சலில் சேர்ப்பேன்” என்று எழுதலாம். இது எழுத்தாளர் கையில் உள்ள தேதி. இதற்கு அவர்தான் முழுப் பொறுப்பு.

இரண்டாவது தேதி அஞ்சல் துறையைப் பொறுத்தது. தரைவழிப் பொட்டலம் தமிழ்நாட்டுக்குள் சில நாளில் போய்விடும். டெல்லிக்கும் அசாமுக்கும் கூடுதல் நாளாகும். பத்து நாளும் இன்னும் சில நாளும் சேர்த்து “செப்டம்பர் 10க்குள் உங்கள் கைக்கு வர வேண்டும்” என்று எழுதலாம். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டால் வாசகருக்கு எந்த நாளில் யாரைக் கேட்பது என்று தெரியும். முதல் தேதி தவறினால் எழுத்தாளரைக் கேட்பார். முதல் தேதி காப்பாற்றப்பட்டு இரண்டாவது தவறினால் அஞ்சல் எண்ணை வைத்து இருவரும் சேர்ந்து தேடலாம்.

அனுப்பும் செலவையும் தேதியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். பதிவு நூல் அஞ்சல் என்ற மலிவான வழி 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அப்போது பழைய கட்டணத்தை நம்பி முன்பதிவு வாங்கியிருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி என்று அது அறிமுகமானது. நம் எடுத்துக்காட்டு நூலின் தாள் சுமார் 253 கிராம், அட்டை 20 கிராம். மொத்தம் 273. கட்டும் உறையும் மூலை மடங்காமலிருக்க வைக்கும் அட்டையும் 27 கிராமுக்கு மேல் போனால் அடுத்த கட்டணம். ஒரு பழைய நூலையாவது அதே உறையில் கட்டி, அஞ்சலகத் தராசில் வைத்து, இந்த நூல் ஞான் போஸ்டில் ஏற்கப்படுமா என்றும் கவுண்டரில் கேட்டுவிட்ட பிறகுதான் ‘அஞ்சல் செலவு உட்பட’ என்று எழுத வேண்டும். வெளிநாட்டுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்குள்ள வாசகருக்கு விலையும் தேதியும் தனியாகச் சொல்ல வேண்டும். கணக்குப் போட முடியாவிட்டால் இந்திய முகவரிக்கு மட்டும் என்று எழுதிவிடுவதே நேர்மை.

எது சலுகை?

புத்தகக் காட்சியில் யார் போனாலும் 10 சதவீதம் கழிவு உண்டு. எனவே முன்பதிவுக்கு 10 சதவீதம் கழிவு என்பது சலுகையே ஆகாது. மூன்று மாதம் முன்னால் பணம் கொடுத்தவருக்கும் காட்சியில் நடந்து வந்து வாங்கியவருக்கும் ஒரே விலை. அதன் மேல் அஞ்சல் செலவும் வாங்கினால் முன்பதிவு செய்தவருக்கு நஷ்டம்தான்.

நம் ஆசிரியர் 300 ரூபாய் நூலை அஞ்சல் செலவு உட்பட 240 ரூபாய்க்குத் தருகிறார். அனுப்பவும் கட்டவும் 40 ரூபாய் போனால் 200 நிற்கும். அச்சுக்கூலி பிரதிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 500 பிரதிக்கு 50,000 ரூபாய். 250 பேர் முன்பதிவு செய்தால் அந்தத் தொகை முழுதும் வந்துவிடும். மீதி 250 பிரதி கடன் இல்லாத இருப்பு. அதையே கடைக்கு 40 சதவீதக் கழிவில் கொடுத்தால் 180 ரூபாய்தான் வரும், அதுவும் விற்று முடிந்து பல மாதம் கழித்து. ஆகவே 20 சதவீதக் கழிவு என்பது எழுத்தாளர் செய்யும் தியாகமில்லை. இரு தரப்புக்கும் கட்டுப்படியாகும் விலை அது. அதை அப்படியே சொல்லலாம்.

மற்றச் சலுகைகளை ஒரே ஒரு கேள்வியால் சோதிக்க வேண்டும்: இது தேதியைத் தள்ளுமா? நூலில் பெயர் அச்சிடுவது ஒரு வாரம் தள்ளும். அதைக் கணக்கில் சேர்த்தாகிவிட்டது. கையொப்பம், எழுத்தாளர் இருக்கும் ஊருக்கே பிரதிகள் வந்தால் ஓரிரு நாள். அச்சகத்திலிருந்து நேரே வேறொருவர் அனுப்புவதாக இருந்தால் பிரதிகள் ஒருமுறை எழுத்தாளரிடம் வந்து திரும்பிப் போக வேண்டும், ஒரு வாரம் கூடும். “உங்களுக்காகவே எழுதிய ஒரு பக்கக் கடிதம்” என்று 250 பேருக்கு வாக்குக் கொடுத்தால் அது பல வாரத்தை விழுங்கும். தனியாக அச்சிடும் ஏரி வரைபடம், புத்தகக் குறி, துணிப்பை ஆகியவற்றுக்கு இன்னொரு அச்சகம், இன்னொரு தேதி. அவற்றில் ஒன்று தாமதமானால் தயாராக இருக்கும் புத்தகமும் வீட்டில் காத்துக் கிடக்கும்.

காசு செலவில்லாத, தேதியைத் தள்ளாத ஒரு சலுகை இருக்கிறது. வாசகர் அதைத்தான் அதிகம் மதிக்கிறார். முன்பதிவுப் பிரதிகள் அனைத்தும் அஞ்சலில் சேர்ந்த பிறகே வெளியீட்டு விழாவும் கடை விற்பனையும் என்று எழுதித் தருவது. முன்பணம் கொடுத்தவர் காத்திருக்க, விழா மேடையிலும் காட்சி அரங்கிலும் அதே நூல் விற்கப்படும் மனக்கசப்பு தமிழ் வாசகருக்கு நன்றாகத் தெரியும். விழாவுக்கு ஆகஸ்ட் 25க்குப் பிந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மண்டபம் பிடித்தால் இந்த வாக்கைக் காப்பாற்றிவிடலாம்.

அறிவிப்பின் வாசகம்

கணக்கு முடிந்துவிட்டால் எழுதுவது எளிது. நம் ஆசிரியரின் அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

“எங்கள் ஊர் ஏரியின் மடைகளையும் நீர்க்கட்டிகளையும் பற்றிய என் நூல் எழுதி முடிந்து, மெய்ப்புப் பார்த்து, பக்கங்கள் வடிவமைக்கப்பட்டுவிட்டன. 240 பக்கம், விலை 300 ரூபாய். ஜூன் 30 வரை முன்பதிவு செய்வோருக்கு இந்தியாவுக்குள் அஞ்சல் செலவு உட்பட 240 ரூபாய். நூலில் உங்கள் பெயர் இடம்பெறும். பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். பிரதியில் கையொப்பமிட்டு அனுப்புவேன்.

ஆகஸ்ட் 25க்குள் எல்லாப் பிரதிகளையும் அஞ்சலில் சேர்ப்பேன். செப்டம்பர் 10க்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். இதற்குப் பிறகே வெளியீட்டு விழாவும் கடை விற்பனையும்.

எத்தனை பேர் முன்பதிவு செய்தாலும் நூல் அச்சாகும். ஆகஸ்ட் 25க்குள் அனுப்ப முடியாமல் போனால் அதற்கு முன்பே உங்களுக்குத் தெரிவிப்பேன். காத்திருக்க விருப்பமில்லாதவர்கள் கேட்ட ஏழு நாளில் முழுப் பணமும் திரும்ப வரும். பக்கம் விடுபட்ட, சேதமான பிரதிக்கு வேறு பிரதி அனுப்புவேன், செலவு என்னுடையது.”

இதில் நூலைப் புகழும் சொல் ஒன்றுகூட இல்லை. நூலைப் பற்றிச் சொல்ல, தனியாக ஓர் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுக்கலாம். அறிவிப்பின் முதல் வரி, எழுத்தாளர் வேலையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைச் சொல்கிறது. ‘எழுதி முடிந்து’ என்ற அந்த வரியைப் படித்த பிறகுதான் தேதியை வாசகர் நம்புவார். “எத்தனை பேர் முன்பதிவு செய்தாலும் அச்சாகும்” என்பதும் தேவை. ஐம்பது பேர் மட்டுமே சேர்ந்தால் ஆஃப்செட்டை விட்டு, தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறையில் குறைந்த பிரதி போடலாம். பிரதிக்கான செலவு கூடும், ஆனாலும் வாக்கு நிற்கும்.

பணம் திரும்ப வரும் என்று எழுதினால் பணம் இருக்க வேண்டும். அச்சகங்கள் பொதுவாக ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்கும். அதை எழுத்தாளர் தம் சேமிப்பிலிருந்து கொடுப்பதே நல்லது. முன்பதிவுப் பணம் தனிக் கணக்கில் இருந்து, பிரதிகள் வீட்டுக்கு வந்த அன்று அச்சகப் பாக்கியைத் தீர்க்க வெளியே வரட்டும். சேமிப்பில்லாதவர்கள் முன்பதிவுப் பணத்திலிருந்து முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தால், திருப்பிக் கேட்பவர்களுக்கென்று ஒரு தொகையையாவது தொடாமல் வைக்க வேண்டும்.

தாமதம் வந்தே தீரும் என்றால்

18 நாளையும் மீறிக் கோளாறு வரலாம். மாதிரிப் பிரதி ஜூலை 20க்குள் வரவில்லை என்றால் அதுதான் முதல் அறிகுறி. பிரதிகள் ஆகஸ்ட் 12க்குள் வீட்டுக்கு வரவில்லை என்றால் 25ஆம் தேதியைப் பிடிக்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிடும். அன்றே எழுதிவிட வேண்டும். “எதிர்பாராத காரணங்களால் சற்றுத் தாமதம்” என்று எழுதுவதில் எந்தச் செய்தியும் இல்லை. “அட்டை லேமினேஷன் சரியில்லாததால் திரும்ப அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்ட் 20 அன்று பிரதிகள் வரும், செப்டம்பர் 5க்குள் அஞ்சலில் சேர்ப்பேன். பணம் திரும்ப வேண்டுவோர் எழுதுங்கள்” என்றால் வாசகருக்குக் காரணம், புதிய தேதி, தம் உரிமை மூன்றும் தெரிந்துவிடும். புதிய தேதியைச் சொல்லும்போது முதல் தேதியைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு தாமதத்தைப் பொறுப்பவர்கள் இரண்டாவதைப் பொறுக்கமாட்டார்கள்.

இனி பணம் அனுப்பும் வாசகருக்கு ஒரு சொல். அடுத்த முறை ஒரு முன்பதிவு அறிவிப்பைப் பார்க்கும்போது எழுத்தாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நூல் எழுதி முடிந்துவிட்டதா? எந்தத் தேதிக்குள் அஞ்சலில் சேர்ப்பீர்கள்? தவறினால் பணம் திரும்ப வருமா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தயங்காமல் முன்பதிவு செய்யுங்கள். ‘விரைவில்’ என்று பதில் வந்தால் நூல் வெளிவரும்வரை பொறுத்திருந்து கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.